பொட்டாசியம் எங்கிருந்து வந்தது?

கந்தளாய்க் குளத்து நீரில் நெல் விளையும் அந்தப் பிரதேசத்தில், இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியவுடன் வைத்தியர் தீர்மானம் எடுத்தாக வேண்டிய நோய்கள் மூன்று உண்டு. ஒன்று டெங்கு. 2017இல் அதே திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் தொடங்கிய அலை, ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோரைத் தாக்கியது. இரண்டாவது சிறுநீரக நோய். 1990களிலிருந்து அறியப்பட்ட, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் மிகுந்த வடமத்திய மாகாணம் இந்த மாவட்டத்துக்கு அடுத்த வீடு. மூன்றாவது, வயலில் காலை வைத்தவரைத் தீண்டும் புடையன் பாம்பு, அதாவது கண்ணாடி விரியன்.

இந்த மூன்றுக்கும் வெவ்வேறு குழாய்களில் இரத்தம் எடுக்கிறார்கள். டெங்குவுக்கு ஊதாமூடி, சிறுநீரகத்துக்குச் சிவப்புமூடி, பாம்புக்கடிக்கு வெறும் கண்ணாடிக் குழாய், அதோடு நீலமூடியும். எந்தக் குழாயிலும் நோயாளியின் இரத்தம் மட்டும் இருப்பதில்லை. இரத்தம் உறையாதிருக்கவோ, விரைந்து உறையவோ ஒரு பொருள் உள்ளே இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் அதன் சுவரே அந்தப் பொருள். முடிவுத்தாளில் வரும் எண் நோயாளிக்குரியதா, குழாய்க்குரியதா என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் கேள்வி.

ஊதாமூடியில் தொடங்குவோம். மற்றக் குழாய்களைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். அதில் இருப்பது ஈடிடிஏ என்னும் உப்பு. இரத்தம் உறைவதற்குக் கல்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆகவே இரத்தம் திரவமாகவே நிற்கிறது. குழியங்களின் வடிவம் கெடாததால் முழுக் குருதி எண்ணிக்கைக்கு இதுவே ஏற்றது. ஆனால் எளிதில் கரையும் உப்பாக வேண்டும் என்பதற்காக ஈடிடிஏயைப் பொட்டாசியத்தோடு சேர்த்தே குழாயில் இடுகிறார்கள். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்துக்கு ஏறத்தாழ 1.8 மில்லிகிராம். அந்தக் குழாயின் பிளாஸ்மாவில் பொட்டாசியத்தை அளந்தால் 15 மில்லிமோலுக்கு மேல் காட்டும். உயிரோடு இருக்கும் எவருக்கும் இருக்க முடியாத அளவு அது. கல்சியம் இல்லையென்றே சொல்லலாம்.

யாரும் ஊதாமூடியில் பொட்டாசியம் பார்ப்பதில்லை. சிக்கல் வருவது ஊதாமூடியின் இரத்தம் சிவப்புமூடிக்குள் போகும்போது.

கணக்கோடு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நீண்டகாலச் சிறுநீரக நோயோடு கிளினிக்குக்கு வரும் ஒருவர் லொசாட்டன் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் அவருடைய பொட்டாசியம் லீற்றருக்கு 4.6 மில்லிமோல், கல்சியம் 2.3 மில்லிமோல், அல்கலைன் பொஸ்பற்றேஸ் 82 அலகு. இந்த முறை பொட்டாசியம் 6.5 என்று வருகிறது. சிறுநீரக நோயும் உண்டு, பொட்டாசியத்தைக் கூட்டும் மருந்தும் உண்டு, 6.5ஐ நம்பக் காரணங்கள் தயாராக இருக்கின்றன. இதயம் நிற்கக்கூடிய அளவை நெருங்கிய எண் என்பதால் கல்சியம் குளுக்கோனேற், குளுக்கோசுடன் இன்சுலின் என்று சிகிச்சை தொடங்கிவிடலாம். தாளின் அடுத்த வரிகளையும் படித்தால் கதை மாறுகிறது. கல்சியம் 1.35. அல்கலைன் பொஸ்பற்றேஸ் 20க்கும் கீழ். கிரியற்றினின் மட்டும் போன மாதம் போலவே இருக்கிறது.

கல்சியம் 1.35 உண்மையானால் நோயாளிக்குக் கைகால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவரோ வாங்கில் உட்கார்ந்து தன் இலக்கத்தைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார். பொட்டாசியம் ஏற, கல்சியமும் அல்கலைன் பொஸ்பற்றேசும் ஒருசேர விழுந்தால், நோயைத் தேடுவதற்கு முன் குழாயைத் தேட வேண்டும். கல்சியத்தை ஈடிடிஏ பிடித்துக்கொண்டது. அந்த நொதி வேலை செய்யத் தேவையான நாகத்தையும் மக்னீசியத்தையும் அதுவே பறித்துக்கொண்டது. பொட்டாசியத்தைக் கொண்டு வந்ததும் அதுவே.

எவ்வளவு கலந்திருக்கும்? இரத்தச்சோகையுள்ள இந்த நோயாளியின் இரத்தத்தில் பிளாஸ்மா 70 சதவீதம் என்று கொண்டால், ஊதாமூடிக் குழாயின் பிளாஸ்மாவில் லீற்றருக்குச் சுமார் 6.4 மில்லிமோல் ஈடிடிஏயும், அதன் இருமடங்காக 12.7 மில்லிமோல் புதிய பொட்டாசியமும் இருக்கும். சிவப்புமூடியில் உள்ள 2 மில்லிலீற்றரில் 0.3 மில்லிலீற்றர் அங்கிருந்து வந்திருந்தால், அதாவது 15 சதவீதம், பொட்டாசியம் 1.9 கூடி 6.5 ஆகும், கல்சியத்தில் ஏறத்தாழ 0.95 பிடிபட்டு 1.35 மிஞ்சும். பகுப்பாய்வு முறைக்கேற்பக் கல்சியத்தின் எண் சற்று மாறலாம், போக்கு மாறாது. சிவப்புமூடியில் இரத்தம் போதவில்லை என்று ஊதாமூடியில் மிகுந்திருந்ததைக் கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்பதே இதற்கு மிக நேரான விளக்கம். சீரத்தின் நிறம் இதைக் காட்டிக்கொடுக்காது. அது தெளிவான மஞ்சளாகவே இருக்கும்.

பொட்டாசியம் கூடுவதற்கு வேறு பொய்க் காரணங்களும் உண்டு, அவை தரும் அடையாளம் வேறு. செங்குழியங்கள் உடைந்திருந்தால் சீரம் இளஞ்சிவப்பாகும், கல்சியம் விழாது. ரப்பர் பட்டியைக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் மட்டுமே ஒரு மில்லிமோல் வரை கூட்டலாம். அதற்கு நிறமுமில்லை, கல்சிய மாற்றமுமில்லை. அதனால்தான் பொட்டாசியத்தை மட்டும் தனியே பார்த்து எந்தத் தீர்மானத்துக்கும் வரக்கூடாது என்கிறேன். அருகிலுள்ள எண்கள்தான் சாட்சிகள்.

கல்சியம் விழாததால் கலப்பில்லை என்றும் சொல்ல முடியாது. மேலே உள்ள கணக்கையே ஒரு சிறு துளிக்குப் போட்டுப் பாருங்கள். 0.05 மில்லிலீற்றர் கலந்தால் பொட்டாசியம் 0.3 கூடும், கல்சியம் 0.16 குறையும். 2.3 என்பது 2.14 ஆனால் யார் கண்ணிலும் படாது. ஆனால் உண்மையில் 5.8 இருந்தவர் 6.1 ஆகி எல்லைக் கோட்டைத் தாண்டிவிடுவார். இங்கிலாந்தின் வூல்வர்ஹம்ப்டனில் கோர்ன்ஸும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பொட்டாசியம் மிகுந்த மாதிரிகளில் ஈடிடிஏயையே நேரடியாக அளந்து பார்த்தார்கள். கலப்பு எண்ணியதைவிடப் பரவலாக இருந்தது; கல்சியம் சாதாரணமாகவே இருந்த மாதிரிகளிலும் அது ஒளிந்திருந்தது. இதைவிட எனக்குக் கவலை தருவது எதிர்ப்பக்கம். வயிற்றோட்டத்தால் பொட்டாசியம் உண்மையில் 2.9ஆகக் குறைந்திருக்கும் ஒருவரின் மாதிரியில் இந்தத் துளியின் இருமடங்குக்குச் சற்று மேல் கலந்தால் 3.6 என்று வரும். அழகான, சாதாரணமான எண். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குழாய்களை எந்த ஒழுங்கில் நிரப்ப வேண்டும் என்ற விதி இந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான். ஒரே ஊசியால் அடுத்தடுத்துக் குழாய்களை நிரப்பும்போது முன்னதன் மருந்து பின்னதற்குள் ஒட்டிச் செல்லக்கூடும் என்று 1982இல் கேலமும் கூப்பரும் எழுதி, ஓர் ஒழுங்கைப் பரிந்துரைத்தார்கள். இன்று பெரும்பாலும் எல்லோரும் பின்பற்றும் வரிசை இது: கிருமி வளர்ப்புக்கான போத்தல் முதலில், பிறகு நீலமூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு ஹெப்பரின் உள்ள பச்சை, பிறகு ஊதா, கடைசியில் சீனி பார்க்கும் சாம்பல்மூடி. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கிருமி வளர்ப்பு முதலில் வருவது, மற்றக் குழாய்களின் மூடியிலுள்ள கிருமி அதற்குள் போகாமலிருக்க. கண்ணாடிக் குழாய்க் காலத்தில் வெறும் சிவப்புமூடி நீலத்துக்கு முன் வரலாம் என்றிருந்தது. பிளாஸ்டிக் குழாய்கள் வந்து, அவற்றின் சுவரில் உறைவைத் தூண்டும் பொடி பூசப்பட்டதும், அந்தப் பொடி உறைவுச் சோதனையைக் கெடுக்கும் என்று 2003இல் அமெரிக்கத் தர நிறுவனம் நீலத்தை முன்னே கொண்டுவந்தது. சாம்பல்மூடி கடைசியில் நிற்பது, அதிலுள்ள ஒக்சலேற்றும் பொட்டாசிய உப்பு என்பதால்.

ஆனால் இந்த வரிசை மெய்யாகவே எவ்வளவு காக்கிறது? இங்கேதான் ஆய்வாளர்களிடையே கருத்து பிரிகிறது. மூடியைக் குத்தி வெற்றிடத்தால் இரத்தம் தானே இறங்கும் முறையில், வேண்டுமென்றே ஊதாவுக்குப் பிறகு சீரக் குழாயை நிரப்பி 2011இல் சுலைமானும் கோர்ன்ஸ் குழுவினரும் சோதித்தார்கள். ஈடிடிஏ கலக்கவில்லை. ஊசியில் மிஞ்சி நிற்பது சில மைக்ரோலீற்றர்கள்தான், அதுவும் இரத்தத்தோடு கலந்து நீர்த்த மருந்து. நம் கணக்கின்படி 2 மைக்ரோலீற்றர் கலப்பு பொட்டாசியத்தை நூறில் ஒரு பங்கு மில்லிமோலளவுதான் கூட்டும். இத்தனைக்குப் பிறகும், 2018இல் ஐரோப்பிய மருத்துவ ஆய்வுகூடக் கூட்டமைப்பு வரிசையைக் கைவிட வேண்டாம் என்றே சொன்னது. நரம்பு சரியாகக் கிடைக்காமல் கை தடுமாறும் வேளைகளில் கலப்பு நேரலாம், வரிசையைப் பின்பற்ற எந்தச் செலவுமில்லை என்பது அவர்களின் வாதம்.

எனக்கு இரண்டு தரப்பும் சரியாகவே படுகின்றன. அவர்கள் வெவ்வேறு கைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் வாட்டுகளில் இன்னும் பெரும்பாலும் சிரிஞ்சால் இரத்தம் எடுத்து, மூடியைக் கழற்றிய போத்தல்களுக்குள் பகிர்ந்து ஊற்றுகிறோம். அங்கே ஊசியின் உட்பக்கம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை சிரிஞ்சின் முனை. 15 சதவீத ஈடிடிஏ திரவம் உள்ள போத்தலின் அடியில் முனை பட்டு, நீர்க்காத மருந்து ஒரே ஒரு மைக்ரோலீற்றர் ஒட்டிக்கொண்டு அடுத்த 2 மில்லிலீற்றருக்குள் போனால், பொட்டாசியம் அரை மில்லிமோலுக்கு மேல் கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரம், மூடிய முறையில் ஊசிக்குள் மிஞ்சும் இரத்தத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. காய்ந்த பொடியாக இருந்தாலும் ஈர முனையில் ஒட்டும்.

சிரிஞ்ச் முறையில் இன்னொரு இழுபறியும் உண்டு. சிரிஞ்சுக்குள் இரத்தம் உறையத் தொடங்கிவிடும் என்ற நியாயமான அச்சத்தால், அனுபவமுள்ள தாதியர் பலர் ஊதாமூடியை முதலில் நிரப்புகிறார்கள். மெதுவாக இழுத்த இரத்தம் கடைசியில் ஊதாவுக்குப் போனால் நுண்கட்டிகள் உண்டாகிச் சிறுதட்டு எண்ணிக்கை குறையும்; முதலில் போனால் பொட்டாசியக் கலப்புக்கு வழி. இதற்கு வரிசை மட்டும் விடையல்ல. ஊசியைக் கழற்றி, முனை போத்தலின் விளிம்பையோ சுவரையோ தொடாமல், இரத்தம் சுவரோரமாக வழிய விட வேண்டும். நிரப்பிய உடனே மூடி, ஊதாவை எட்டுப் பத்துத் தடவையும் நீலத்தை மூன்று நான்கு தடவையும் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஒன்றில் மிஞ்சியதை மற்றொன்றில் ஊற்றவே கூடாது. இவை செய்யப்பட்டால், சிரிஞ்ச் முறையிலும் நீலம், சிவப்பு, ஊதா, சாம்பல் என்ற ஒழுங்கை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

இனி ஊதாமூடி தனக்குள்ளேயே சொல்லும் பொய். டெங்குக் காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து சிறுதட்டு எண்ணிக்கையையும் பிசிவியையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சிலருடைய இரத்தத்தில், ஈடிடிஏ கல்சியத்தைப் பறித்தவுடன் சிறுதட்டுகளின் மேற்பரப்பு உருமாறி, அவர்களிடமே இருக்கும் ஒரு பிறபொருளெதிரி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. உடலுக்குள் எதுவும் நடக்கவில்லை, குழாய்க்குள்தான் நடக்கிறது. ஆயிரத்தில் ஒருவர் அளவில் காணப்படும் இந்த நிலைமையில், எண்ணும் இயந்திரம் இருபது சிறுதட்டுகளின் கட்டியை ஒரே பெரிய குழியமாக எண்ணி விட்டுவிடும். 240,000 இருப்பவருக்கு 45,000 என்று வரும். நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே போவது இதன் இயல்பு: எடுத்தவுடன் எண்ணினால் ஓர் எண், இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் சிறிய எண்.

டெங்குப் பருவத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் 45,000 என்பது அங்கே வியப்பான எண்ணே அல்ல. ஐயம் வர வேண்டிய இடங்கள் சில உண்டு. காய்ச்சலின் முதல் நாளிலேயே எண்ணிக்கை அப்படிக் கிடந்தால், வெண்குழியம் குறையாமல் இருந்தால், நேற்று 210,000 இருந்தது இன்று காலை 40,000 என்று சறுக்கிவிட்டு மாலையில் 190,000 என்று திரும்பினால், கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பூச்சின் நடுப்பகுதியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். கட்டிகள் பூச்சின் கடைசி ஓரத்துக்கு இழுபட்டுப் போய் அங்கேதான் கிடக்கும். கண்டால், நீலமூடியில் இன்னொரு மாதிரி எடுத்து உடனே எண்ணி, சித்திரேற் நீர்த்ததை ஈடுசெய்ய 1.1ஆல் பெருக்கிக்கொள்ளலாம். சிலருக்கு நீலமூடியிலும் கட்டி பிடிக்கும். அப்போது பூச்சைப் பார்த்து மதிப்பிட்டு எழுதுவதே நேர்மையான வழி. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கட்டி தெரிந்தது என்பதால் டெங்கு இல்லை என்று ஆகாது. இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம்.

பிசிவி விடயத்தில் ஊதாமூடி வேறு விதமாக ஏமாற்றும். 2 மில்லிலீற்றருக்கான குழாயில் ஒரு குழந்தையின் அரை மில்லிலீற்றர் இரத்தம் மட்டும் விழுந்தால், அங்கே ஈடிடிஏ நான்கு மடங்கு செறிவாகிறது. செங்குழியங்களிலிருந்து நீர் வெளியேறி அவை சுருங்குகின்றன. நுண்குழாயில் சுழற்றி அளக்கும் பிசிவி குறைவாக வரும். இயந்திரத்தில் மாதிரி மிகுதியான திரவத்தில் நீர்க்கப்படுவதால் குழியங்கள் மீண்டும் உப்பி, பிழை அவ்வளவாகத் தெரியாது. டெங்குவில் பிளாஸ்மா கசிகிறதா என்பதைப் பிசிவியின் ஏற்றம்தான் சொல்லும். 36இலிருந்து 43க்கு ஏற வேண்டியது 40இல் நின்றால், கசிவு மறைந்துவிடுகிறது. காலையில் இயந்திரம், இரவில் வாட்டின் சுழற்சிப் பொறி என்று மாற்றி மாற்றி அளந்து ஒரே வரைபடத்தில் குறிப்பதும் இதே காரணத்தால் தவறாக வழிநடத்தும். குழந்தைகளுக்குச் சிறு குழாய் வேண்டும். இல்லையேல் கோடு வரை நிரம்பியதா என்று பார்க்க வேண்டும்.

கந்தளாயிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மாதிரி ஒன்று அங்கு போக வேண்டியிருந்தால், இடையில் என்ன நடக்கும் என்பதும் இந்தக் கேள்வியின் பகுதிதான். குழியங்கள் பிரிக்கப்படாத இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது கவனமான செயல் போலத் தோன்றும். குளிரில் குழியச் சுவரிலுள்ள பொட்டாசியப் பம்பி நின்றுவிடும். குழியத்துக்குள் இருக்கும் பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும், ஒரு குழியமும் உடையாமல், சீரம் சிவக்காமல். எதிர்மாறாக, நண்பகல் வெயிலில் காரின் பின்னிருக்கையில் வெம்மையில் கிடந்தால், முதல் சில மணி நேரம் குழியங்கள் சீனியை எரித்துப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். எண் குறைந்து வரும். சீனி மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், சாம்பல்மூடியின் புளோரைட்டுக்கும் அதை முற்றாக நிறுத்த ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே இரத்தம் உறைந்த பின் கந்தளாயிலேயே சுழற்றி, சீரத்தைப் பிரித்து, அதை மட்டும் குளிரில் அனுப்புவதுதான் முறை. படிவத்தில் இரத்தம் எடுத்த நேரமும் பிரித்த நேரமும் இருந்தால், பெறும் ஆய்வுகூடம் எண்ணை எடைபோட முடியும்.

பாம்புக்கடிக்கு வருவோம். நீலமூடியில் 0.3 மில்லிலீற்றர் சித்திரேற் இருக்கிறது, 2.7 மில்லிலீற்றர் இரத்தத்துக்காக அளந்து வைத்தது. பாதி நிரம்பினால் சித்திரேற் இருமடங்காகி, சோதனையின்போது சேர்க்கும் கல்சியத்தையும் விழுங்கி, உறைவு நேரம் பொய்யாக நீளும். விரியன் விடம் இல்லாதவருக்கு விடம் இருப்பதுபோல் காட்டும். ஊதாமூடி இரத்தம் அதில் கலந்தாலும் அப்படியே. கோட்டுக்குக் கீழே நின்ற நீலமூடியை ஆய்வுகூடம் திருப்பி அனுப்பினால், அது பிடிவாதமல்ல.

ஆனால் இரவில் வரும் நோயாளிக்குப் பெரும்பாலும் முதலில் செய்யப்படுவது கட்டிலருகே செய்யும் 20 நிமிட உறைவுச் சோதனை. வெறும் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்ப்பது. இங்கே கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைவைத் தொடக்கி வைக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் செய்தால் விடம் ஏறாதவரின் இரத்தமும் உறையாமல் நிற்கலாம். சவர்க்காரத்தில் கழுவி மீண்டும் எடுத்த கண்ணாடியும் அப்படியே. அதனால் தேவையில்லாத விடமுறிமருந்து ஏற்றப்படலாம், அதற்கு வரும் ஒவ்வாமை உயிரையே பறிக்கலாம். மறுபக்கம், இலங்கையில் கண்ணாடி விரியன் கடிபட்டவர்களைக் கொண்டு செய்து 2013இல் வெளியான ஆய்வு, வழமையான வைத்தியசாலைச் சூழலில் இந்தச் சோதனை உறைவு குலைந்த கணிசமானோரைத் தவறவிட்டதையும், அதனால் விடமுறிமருந்து பிந்தியதையும் காட்டியது. குழாயின் அளவு, இரத்தத்தின் அளவு, கடிகாரத்தைப் பார்க்காமல் சரித்துப் பார்ப்பது எல்லாம் இதில் சேரும்.

சுத்தமான, புதிய, காய்ந்த சிறு கண்ணாடிக் குழாய்கள் இப்போது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. ஆகவே ஒரு பெட்டியை அவசர சிகிச்சைப் பிரிவுக்கென்றே ஒதுக்கி, வேறெதற்கும் எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். புதிய தொகுதி வந்ததும், பாம்புக்கடி இல்லாத நலமான ஒருவரின் இரத்தத்தை அதில் விட்டு 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்து, பார்த்த நாளைப் பெட்டியின் மேல் எழுதிவிட்டுத்தான் பாவனைக்கு விட வேண்டும்.